ஆடித் தள்ளுபடிக்குப் பெயர் வைப்பது எப்படி? பக்கத்துக் கடை பெயராகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வழி

ஜூலை இரண்டாம் வாரத்தில் எந்த ஊர்க் கடைவீதியில் நடந்தாலும் ஒரே பெயர்தான் கண்ணில் படும். ஆடி அதிரடி, ஆடி அதிரடி மெகா ஆஃபர், அதிரடி ஆடித் தள்ளுபடி. நாலு கடைக்காரர்கள் தனித்தனியாகக் காசு செலவழித்து ஒரே பெயரை விளம்பரம் செய்தால், லாபம் அந்த வீதியிலேயே பெரிய கடைக்குத்தான். ஆட்டோ மைக்கில் கேட்டவருக்கு 'ஆடி அதிரடி' மட்டும் நினைவில் நிற்கும். கடைப் பெயர் நிற்காது. அவர் தனக்கு ஏற்கெனவே தெரிந்த கடைக்கே போவார்.

ஜவுளிக்கடையோ பாத்திரக்கடையோ புதிதாக ஆரம்பித்து, முதல் ஆடிக்குத் தயாராகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தீபாவளி, பொங்கல், அட்சய திருதியை எதுவானாலும் முறை ஒன்றுதான். ஆடியை எடுத்துக்கொள்ளக் காரணம், பெயர் மோதல் அதிகம் நடப்பது அதில்தான். ஆடியில் கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, ஜவுளி வியாபாரம் படுத்துவிடும். தேங்கிய சரக்கைத் தள்ளிவிட்டுத் தீபாவளிக் கொள்முதலுக்குக் கையில் பணம் சேர்க்க வேண்டும் என்பதால் எல்லாக் கடையும் ஒரே மாதத்தில் இறங்குகின்றன.

எப்போது ஆரம்பிப்பது

ஆடி பிறப்பது ஜூலை 17 வாக்கில். ஆனால் கடைகள் ஆனியிலேயே பேனர் கட்டத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே ஜூன் முதல் வாரத்துக்குள் பெயர் முடிவாகிவிட வேண்டும். ஜூலையில் யோசித்தால், ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடும் தம்பி, போன வருடம் வேறொருவருக்குச் செய்த ஃபைலைத் திறந்து கடைப் பெயரை மட்டும் மாற்றித் தருவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வாரம் அவரிடம் வரிசையில் நிற்கிறவர்கள் அத்தனை பேர்.

முதல் வேலை: ஊரில் ஏற்கெனவே ஓடும் பெயர்களைச் சேகரிப்பது

நல்ல பெயர் யோசிப்பதற்கு முன், வைக்கக் கூடாத பெயர்களின் பட்டியல் வேண்டும். இதற்குக் கணினிக்கு முன் உட்கார்வதைவிட, ஊரில் ஆட்டோ விளம்பரத்துக்குக் குரல் பதிவு செய்து கொடுப்பவரிடம் போவது நல்லது. போன வருடம் எந்தக் கடை என்ன வசனம் ஓட்டியது என்பது அவருக்கு மனப்பாடம். "அண்ணே, போன ஆடிக்கு யாரெல்லாம் என்ன பேர்ல ஓட்டுனாங்க?" என்று கேட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் பட்டியல் கையில். அப்புறம் பிட் நோட்டீஸ் அடிக்கும் அச்சகம். அதற்கடுத்து, போன வருட ஜூலை, ஆகஸ்டில் நாளிதழ்களின் உங்கள் மாவட்டப் பக்கங்களில் வந்த விளம்பரங்கள்.

கடைசியாக இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை தேடுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். பக்கத்து மாவட்டத் தலைநகரை விட்டுவிடாதீர்கள். உங்கள் வாடிக்கையாளர் கல்யாண ஜவுளிக்கு அங்கே போகிறவர்தான். அந்த ஊர்ப் பெரிய கடையின் விளம்பரம் அவர் தொலைக்காட்சியில் தினமும் வருகிறது. நாலு தெரு தள்ளி இருக்கும் சின்னக் கடையைவிட இந்தப் பெரிய கடையோடு குழம்புவதுதான் ஆபத்து.

இரண்டாவது: பெயரில் உங்கள் பங்கு எது?

ஒரு சீசன் பெயரில் இரண்டு பாகம் இருக்கும். ஒன்று பொது: ஆடி, தீபாவளி, தள்ளுபடி, ஆஃபர், மெகா, அதிரடி. இவை யாருக்கும் சொந்தமில்லை. இன்னொன்று உங்களுக்கே உரியது. இந்த இரண்டாவது பாகம் இல்லாத பெயரை எவ்வளவு அழகாக எழுதினாலும் அது ஊர்ப் பொதுச் சொத்துதான்.

உங்கள் பாகத்தை எடுக்க மூன்று இடங்கள் உண்டு. கடையின் பெயர், ஊர் மக்கள் உங்கள் கடையை அழைக்கும் பெயர், நீங்கள் தரும் சலுகையின் முறை. மூன்றில் இரண்டாவது பணம் கொடுத்தாலும் கிடைக்காதது, இருந்தால் விடாதீர்கள். மூன்றாவது உழைத்தால் கிடைக்கும்.

சலுகை முறையே பெயராகிவிடும் என்பதற்குக் கோ-ஆப்டெக்ஸைப் பாருங்கள். அவர்கள் தீபாவளிக்கு வைப்பது 'சிறப்புத் தள்ளுபடி விற்பனை' என்ற சப்பென்ற பெயர்தான். ஆனாலும் யாரும் வேறு கடையோடு குழப்பிக்கொள்வதில்லை. 30 சதவீதம் என்று வருடா வருடம் ஒரே மாதிரி கொடுப்பதால் அந்தத் தள்ளுபடியே அடையாளம் ஆகிவிட்டது. புதுக் கடைக்கு அந்த வசதி இல்லை.

மூன்றாவது: ஓசை

ஆடிப் பட்டம் தேடி விதை என்ற பழமொழி மறக்காததற்கு எதுகை ஒரு காரணம். ஆடி, தேடி: முதல் எழுத்து இரண்டிலும் நெடில், இரண்டாம் எழுத்து ஒன்று. விளம்பரக்காரர்களுக்கும் இது தெரியும் என்பதால் ஆடியோடு கோடி, ஓடி, நாடி, தேடி எல்லாவற்றையும் கட்டிப் பார்த்துத் தீர்த்துவிட்டார்கள். 'ஆடி அதிரடி', 'ஆடி அள்ளுபடி' இரண்டும் மோனை, அவையும் தேய்ந்துவிட்டன.

எனவே 'ஆடி' என்ற சொல்லுக்கு ஓசை தேடுவதை விடுங்கள். உங்களுக்கே உரிய சொல்லை எடுத்து, அதற்கு மோனையோ எதுகையோ தேடுங்கள். மோனைக்கு அதே எழுத்துதான் வர வேண்டும் என்பதில்லை. ச-வுக்குத் த, ந-வுக்கு ஞ, ம-வுக்கு வ மரபிலேயே இணை எழுத்துகள். கடைப் பெயர் 'மீ' என்று தொடங்கினால் 'வீ', 'வி', 'வே' என்று தொடங்கும் சொற்களும் காதில் ஒட்டும். இப்படிப் பார்த்தால் தேர்வு இரண்டு மடங்காகிறது.

நீளம் மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். நாலாவது சொல்லை வாடிக்கையாளர் தானே வெட்டிவிடுவார். எதை வெட்டுவார் என்பது நம் கையில் இல்லை. பெரும்பாலும் உங்கள் கடைக்கு உரிய சொல்தான் போகும்.

ஒரு கடையை வைத்துச் செய்து பார்ப்போம்

ஒரு நடுத்தர ஊரில், மணிக்கூண்டுக்கு எதிரே, இரண்டு மாடி ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். காட்டன் சேலை, சுங்குடி, வேட்டி, லுங்கி, உள்ளாடை. பட்டு குறைவு. பலகையில் என்ன பெயர் இருந்தாலும் ஊர் சொல்வது 'மணிக்கூண்டு கடை'. பக்கத்தில் வேறு ஜவுளிக்கடை இல்லை. இது முக்கியம், நாலு ஜவுளிக்கடை இருந்தால் அடையாளமாக மணிக்கூண்டைப் பிடித்துப் பயனில்லை.

உரிமையாளர், அவர் மகன், கேஷியர், சேலைப் பிரிவு அக்கா, நாலு பேர் உட்கார்கிறார்கள். மகன் முதலில் சொல்வது 'கிரேட் ஆடி ஃபெஸ்டிவல்'. கேட்டதும் அமேசான் நினைவுதான் வருகிறது. 'பிக்' என்று தொடங்கி 'டேஸ்' என்று முடிப்பதும் அப்படித்தான். ஃப்ளிப்கார்ட் 2014இல் ஆரம்பித்த பிக் பில்லியன் நினைவுக்கு வரும். பெரிய நிறுவனத்தின் பெயரை ஒட்டி வைத்தால் அவர்கள் வழக்குப் போடுவார்களா என்பதற்கு முன்னால் ஒரு சிக்கல் இருக்கிறது: உங்கள் செலவில் ஜனங்களுக்கு அவர்கள் ஆப்பை நினைவூட்டுகிறீர்கள். சரி, அது போகட்டும்.

அடுத்து ஒரு நல்ல யோசனை. மணிக்கூண்டு ஒவ்வொரு மணிக்கும் அடிக்கும்போது ஒரு பிரிவில் விலைக் குறைப்பு. பெயர்: 'மணி அடிச்சா ஆடி'. இடமும் இருக்கிறது, சலுகை முறையும் இருக்கிறது. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. கேஷியர் சிரிக்கிறார்: "மணி அடிச்சா சோறுன்னு ஜெயிலைத்தானே அண்ணாச்சி சொல்லுவாங்க." முடிந்தது. மூணு பேருக்குப் பிடித்து ஒருவர் சிரித்தால், அந்தச் சிரிப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் அதே மாதிரி சிரிப்பார்கள்.

சேலைப் பிரிவு அக்கா சரக்குப் பக்கமிருந்து யோசிக்கிறார். ஆடிக்கு வரும் சரக்கு மூட்டை மூட்டையாக வந்து மாடியில் இறங்குகிறது. புது மூட்டையைப் பிரிக்கிறார்கள் என்றால், முதலில் எடுத்துவிட வேண்டும் என்று கடைக்குள் நிற்கும் பெண்கள் அங்கேயே கூடிவிடுகிறார்கள். ஆடி வெள்ளிதோறும் காலை 10 மணிக்குக் கடை வாசலிலேயே ஒரு மூட்டையைப் பிரித்தால்? பெயர் 'மணிக்கூண்டு ஆடி மூட்டை'. ஆட்டோவில் ஓட வேண்டிய வசனம் 'மூட்டை பிரிச்சாச்சு!'

மணி, மூட்டை இரண்டும் ம-வில் தொடங்குகின்றன. ம-வும் மூ-வும் இலக்கணக்காரர் ஒத்துக்கொள்ளும் நல்ல மோனை இல்லைதான். காதுக்குப் போதும்.

நாலாவது: பெயரைச் சோதிப்பது

இந்தக் கட்டத்தை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பெயரை வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்தால் எதுவும் தெரியாது. அது வாழப் போகும் இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் காது. பெயரைக் கைபேசியில் பதிவு செய்து, வாகன இரைச்சல் உள்ள இடத்தில் ஒலிக்கவிட்டு, கடைக்குச் சம்பந்தமில்லாத ஐந்தாறு பேரிடம் 'என்ன கேட்டது?' என்று மட்டும் கேளுங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்காதீர்கள்; முகத்துக்கு நேராக யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நம் உதாரணத்தில் இங்கேதான் ஒரு சிக்கல் வெளியே வரும். 'மூட்டை' என்பதைச் சிலர் 'முட்டை' என்று கேட்பார்கள். கூம்பு ஸ்பீக்கரில் குறிலும் நெடிலும் கலந்துவிடும். 'ஆடி முட்டை' என்று கேட்டால் கதை கந்தல்.

இதற்காகப் பெயரையே தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாம். 'பிரிச்சாச்சு' கூட வந்தால் யாருக்கும் முட்டை என்று தோன்றாது. ஆகவே ஆட்டோவில் அந்தப் பெயரைத் தனியாகச் சொல்லவே கூடாது, வசனம் ஒட்டியே வர வேண்டும் என்று பதிவு செய்பவரிடம் சொல்லிவிட வேண்டும். பிரச்சினையைச் சரிசெய்ய இப்படி ஒரு வழி கிடைக்காவிட்டால் பெயரைக் கைவிடுவதே நல்லது.

அடுத்தது ஆங்கில எழுத்து. வாட்ஸ்அப்பில் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். `muttai` என்று எழுதினால் மறுபடி முட்டைதான். இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கும் ஹேஷ்டேகுக்கும் `moottai` என்று ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, கடையில் எல்லோரும் அதையே எழுத வேண்டும்.

மூன்றாவது, வேறு எதை நினைவூட்டுகிறது என்பது. 'மூட்டை கட்டிட்டாங்க' என்றால் கடையை மூடிவிட்டார்கள் என்று அர்த்தமாகிவிடும். போட்டிக்காரர் அப்படிக் கிண்டல் செய்ய இடமிருக்கிறது. அதனாலேயே எல்லா விளம்பரத்திலும் மூட்டை திறந்த நிலையில், துணி வெளியே வழிகிற மாதிரி படம் இருக்க வேண்டும். கட்டிய மூட்டை படம் ஒன்றுகூடக் கூடாது.

நாலாவது தூரம். ஃப்ளெக்ஸ் மாதிரியைச் சின்னதாக அச்செடுத்து, போட்டிக் கடைகளின் பழைய நோட்டீஸ்களோடு சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். சிவப்பு, மஞ்சள், நடுவில் வெடிக்கும் நட்சத்திரத்துக்குள் 50% என்றால் எது யாருடையது என்று தெரியாது. ஜனங்கள் பெயரைப் படிப்பதற்கு முன் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பகுதியில் யாரும் பயன்படுத்தாத நிறம் ஒன்றை எடுத்து, பேனர், பை, ஊழியர் சட்டை மூன்றிலும் அதையே வையுங்கள். நம் கடைக்குச் சாக்குத் துணியின் பழுப்பு நிறம் தானாகவே பொருந்துகிறது.

சாமி பெயர் வேண்டாம்

ஆடி அம்மன் மாதம் என்பதால் அம்மன் பெயரைச் சேர்க்கும் ஆசை வரும். பிட் நோட்டீஸ் தெருவில் விழுந்து காலில் மிதிபடும் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். சட்டப்படியும் அது வலுவான பெயரில்லை. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைத் தனி உரிமையாக யாரும் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்திருக்கிறது.

ஐந்தாவது: பதிவேட்டில் தேடுவது

வேறொருவர் ஏற்கெனவே பதிவு செய்த பெயராக இருந்தால், பேனர் எல்லாம் கட்டிய பிறகு வக்கீல் நோட்டீஸ் வரும். இதைத் தவிர்க்கச் செலவே இல்லாத வழி உண்டு. இந்திய வணிகச் சின்னப் பதிவகத்தின் பொதுத் தேடல் பக்கம் `tmrsearch.ipindia.gov.in`. அதில் `Wordmark` என்ற தேர்வில் `Contains` என்று வைத்து, பெயரின் முக்கியச் சொல்லைப் போட்டு, வகுப்பு எண்ணைக் கொடுத்துத் தேட வேண்டும். ஜவுளிக்கடைக்குப் பார்க்க வேண்டிய வகுப்புகள் மூன்று: துணிக்கு 24, ஆயத்த ஆடைக்கு 25, சில்லறை விற்பனைச் சேவைக்கு 35. நகைக்கடை என்றால் 14உம் 35உம்.

தமிழ்ச் சொற்களை அங்கே பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தேட வேண்டியிருக்கும். ஆகையால் `MOOTTAI`, `MOOTAI`, `MUTTAI`, `MUTAI` என்று தோன்றுகிற எல்லா எழுத்துக்கூட்டலிலும் பாருங்கள். ஒலி ஒற்றுமைக்கென `Phonetic` தேர்வும் இருக்கிறது. அதையும் ஒருமுறை ஓட்டுங்கள். எதுவும் வராவிட்டால் முழு நிம்மதி என்று அர்த்தமில்லை. பதிவு செய்யாமலேயே ஒரு பெயரை நெடுநாள் பயன்படுத்தி ஊரில் பேர் வாங்கியவரும், அதைப் பார்த்து வைத்து ஜனங்களைக் குழப்பினார்கள் என்று வழக்குப் போடலாம். மேலே ஆட்டோக் குரல்காரரிடம் போகச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். இந்த விதி உங்களுக்கும் சாதகம். உங்கள் பெயரை அடுத்த வருடம் ஒருவர் தூக்கினால், தேதியோடு எடுத்துவைத்த பேனர் படங்களும் அச்சக ரசீதுகளும் கைகொடுக்கும்.

நாமே பதிவு செய்ய வேண்டுமா என்றால், முதல் வருடம் தேவையில்லை என்பேன். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. 'ஆடித் தள்ளுபடி' போன்று விற்பனையை விவரிக்க மட்டும் செய்கிற பெயரைக் கொடுத்தால் மறுப்பு வரும். எல்லோரும் பயன்படுத்தும் சொல்லை ஒருவருக்கு எழுதித் தர மாட்டார்கள். 'மணிக்கூண்டு' என்பதும் இடத்தின் பெயர் என்பதால் கேள்வி வரலாம். பெயர் இரண்டு ஆடி தாண்டி நின்றுவிட்டால், அப்போது வணிகச் சின்ன வேலை தெரிந்த ஒரு வக்கீலைப் பார்ப்பது சரியாக இருக்கும்.

ஆறாவது: பெயர் சொல்வதைக் கடை செய்கிறதா?

'மூட்டை பிரிச்சாச்சு' என்று ஊரெல்லாம் கூவிவிட்டு, வெள்ளிக்கிழமை 10 மணிக்கு வாசலில் மூட்டை இல்லையென்றால் அந்தப் பெயர் அன்றோடு செத்தது. போன தீபாவளியில் தங்கிய சரக்கை மூட்டைக்குள் திணித்து வைத்தாலும் இரண்டாவது வெள்ளியில் கண்டுபிடித்துவிடுவார்கள். மூட்டைக்கு எத்தனை சேலை, என்ன விலை என்பதை முதல்நாளே எழுதி வாசலில் ஒட்டுங்கள். '50% வரை' என்று போடுவதானால், பாதி விலையில் உண்மையிலேயே கைக்குக் கிடைக்கும் அளவு சரக்கு இருக்க வேண்டும். 'வரை' என்ற சொல்லை எறும்பு அளவில் எழுதக் கூடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது.

பெயர் பிடித்ததா என்று எப்படித் தெரியும்?

விற்பனைத் தொகையை வைத்துச் சொல்ல முடியாது. ஆடியில் எல்லோருக்கும்தான் கொஞ்சம் ஏறும். பில் போடும் இடத்தில் ஒரு நோட்டு வையுங்கள். அதில் இரண்டு விஷயம் மட்டும் குறிக்கட்டும். ஒன்று, வருகிறவர்கள் எந்தச் சொல்லில் கேட்கிறார்கள் என்பது. 'ஆஃபர் இருக்கா?' என்றால் உங்கள் பெயர் அவரிடம் போகவில்லை. 'மூட்டை எப்போ பிரிப்பீங்க?' என்றால் போய்விட்டது. இரண்டு, நீங்கள் தராத சலுகையைக் கேட்டு வருகிறவர்கள். வேறு கடையின் நோட்டீஸை நீட்டி 'குக்கர் எங்கே?' என்று கேட்கிறவர், உங்கள் விளம்பரத்தையும் அவர்கள் விளம்பரத்தையும் ஒன்றாக நினைத்துக்கொண்டவர். அந்த மாதிரி ஆள் தினமும் வந்தால், பெயரைக் குறை சொல்வதற்கு முன் பேனரின் நிறத்தைப் பாருங்கள். முக்கால்வாசி குழப்பம் அங்கிருந்துதான் வரும். ஆடிப்பெருக்குக்குள் பேனரை மாற்றிவிட்டால் மீதி இரண்டு வாரம் கைக்கு இருக்கும்.

நோட்டில் 'மூட்டை' என்று கேட்டவர்கள் வாரத்துக்கு வாரம் கூடியிருந்தால் அடுத்த ஆடிக்கும் அதே பெயர்தான். கடைக்காரருக்கு ஒரு பெயர் சலிக்கிற நேரத்தில்தான் ஊருக்கு அது பழகவே ஆரம்பிக்கிறது. ஆனால் அதே பெயரைத் தீபாவளிக்கு இழுக்காதீர்கள். தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்க வருகிறவர் மூட்டையில் கிளற வருவதில்லை. அவருக்கு வேண்டியது அலமாரியில் மடித்து வைத்த புதுச் சரக்கு. 'மணிக்கூண்டு' மட்டும் நிற்கட்டும், பின்னால் வருகிற சொல் வேறாக இருக்கட்டும். அந்த யோசனையை ஆவணியிலேயே ஆரம்பித்துவிட வேண்டும்.